உயில் எழுதாமல் இறந்த பார்சியின் சொத்து: மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு?

மும்பையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். தகப்பனை இழந்த குடும்பங்கள் வரும்போது யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுப்பார். கணக்கு அதில் ஏற்கெனவே முடிந்திருக்கும். பார்சிக் குடும்பங்கள் கொண்டுவந்த தாள்களில் நான் அதிகம் பார்த்த வரி, "அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு" என்பது. இணையத்தில் "இந்திய வாரிசுரிமைச் சட்டம்" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்த விதிதான். சட்டம் சரியான சட்டம்தான், 1925-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்த விதி கிறிஸ்தவர்களுக்கும் வேறு சிலருக்கும் உரியது. பார்சிகளுக்கு அதே சட்டத்துக்குள் 50 முதல் 56 வரை தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின்படி அம்மாவும் பிள்ளைகளும் ஆளுக்குச் சமமாகப் பெறுகிறார்கள்.

ஆனாலும் அந்தத் தாளை உடனே கிழித்துப் போட்டுவிடக் கூடாது. சில பார்சிக் குடும்பங்களுக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் சரியான விடை. யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பழைய காகிதம் ஒன்று முடிவு செய்கிறது. அதனால் முதல் வேலை கூட்டல் கழித்தல் இல்லை, அந்தக் காகிதத்தைத் தேடுவதுதான்.

முதலில் திருமணச் சான்றிதழை எடுங்கள்

இறந்தவர் பார்சியா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. எழுந்தால், பம்பாய் உயர் நீதிமன்றம் 1908-இல் பெட்டிட் – ஜீஜீபாய் வழக்கில் வகுத்த எல்லையைத்தான் இன்றும் கையில் எடுப்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரியர்களின் வழித்தோன்றல்கள், பார்சித் தந்தைக்கும் வேற்றினத் தாய்க்கும் பிறந்து முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்டவர்கள், ஈரானிலிருந்து வந்து அச்சமயத்தைப் பின்பற்றுவோர் ஆகியோர் அந்த எல்லைக்குள் வருகிறார்கள்.

சிக்கல் வருவது திருமணத்தில்தான். பார்சித் திருமண, மணமுறிவுச் சட்டம் 1936-இன் கீழ் மணம் முடிக்க மணமக்கள் இருவரும் பார்சியாக இருக்க வேண்டும். பூசாரி ஒருவர் ஆஷிர்வாத் சடங்கை நடத்த வேண்டும். அவரைத் தவிர இரண்டு பார்சிச் சாட்சிகள் உடன் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் பூசாரி, மணமக்கள், சாட்சிகள் என எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். பீரோவிலிருந்து வெளியே வருவது இந்தக் காகிதம் என்றால் நீங்கள் பார்சி விதிக்குள் இருக்கிறீர்கள்.

வெளியே வருவது பதிவாளர் அலுவலகம் தந்த சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன் சான்றிதழ் என்றால் கதை மாறுகிறது. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அதன்கீழ் மணந்தவரின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும் என்கிறது. அதோடு, பார்சிகளுக்கான தனி அத்தியாயம் அந்தச் சட்டத்தில் இல்லாதது போல வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கணவன் மனைவி இருவருமே பார்சிகள், வசதிக்காகப் பதிவாளர் முன் மணந்தார்கள் என்றாலும் இதே கதிதான். பார்சி அல்லாதவரை மணந்தவருக்கு 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. எனவே கலப்பு மணத் தம்பதிகளில் பலர் தாங்கள் அறியாமலேயே பார்சி வாரிசு விதியிலிருந்து வெளியேறியிருப்பார்கள்.

இன்னும் ஒரு படி உண்டு, இதை வழக்கறிஞர்களே சில நேரம் தவறவிடுகிறார்கள். அந்த 21-ஆம் பிரிவு மணந்தவரோடு நிற்கவில்லை. அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளின் சொத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இறந்தவர் ஆஷிர்வாத் முறைப்படி மணந்தவராக இருக்கலாம். ஆனால் அவருடைய பெற்றோர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்திருந்தால் அவர் சொத்தும் மூன்றில் ஒன்று என்ற பொது விதிக்குள் போய்விடும். ஆகவே இரண்டு தலைமுறைச் சான்றிதழ்களைப் பாருங்கள்.

எந்த நாளில் இறந்தார்?

இன்றைய சம பங்கு விதி 1991 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் இறந்தவரின் சொத்து அன்றைய விதிப்படிதான் பிரியும், இன்று பிரித்தாலும்கூட. வாரிசுரிமை இறந்த கணத்தில் திறக்கிறது. நாம் செய்வது, அன்றே விழுந்துவிட்ட பங்கைக் காகிதத்தில் ஏற்றும் வேலை மட்டுமே.

பழைய விதியின் ஏறுமுகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1865-இல் பார்சிகளுக்கென வந்த வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு 4 என்றால் மனைவிக்கு 2, மகளுக்கு 1. 1939-இல் மனைவியை மகனுக்குச் சமமாக உயர்த்தினார்கள். மகள் மட்டும் பாதியிலேயே நின்றாள். அவளுக்குச் சமபங்கு கிடைக்க இன்னும் 52 ஆண்டுகள் ஆயின.

இது பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் பார்சிக் குடும்பங்களில் அரிதில்லை. 1985-இல் இறந்த ஒருவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குகள் 2, 2, 1. அவர் விட்டுச்சென்றதன் இன்றைய மதிப்பு 60 லட்சம் என்றால் மனைவிக்கும் மகனுக்கும் தலா 24 லட்சம், மகளுக்கு 12 லட்சம். இன்றைய விதியை அதன்மேல் போட்டு ஆளுக்கு 20 லட்சம் என்று எழுதினால் அந்தப் பத்திரம் பின்னால் நிற்காது. மகளுக்குக் கூடுதலாகத் தர மற்றவர்கள் விரும்பினால் தாராளமாகத் தரலாம். ஆனால் அதைத் தங்கள் பங்கிலிருந்து தருவதாகவே எழுத வேண்டும்.

எது அவருடைய சொத்து?

பார்சிகளுக்கு இந்துக் கூட்டுக் குடும்பம் போன்ற அமைப்பு கிடையாது. பிறப்பால் வரும் பங்கு, பூர்வீகச் சொத்தில் பேரனின் உரிமை போன்ற பேச்சுகளை வாசலிலேயே விட்டுவிடலாம். இறந்தவர் பெயரில் அவருக்கு உரியதாக இருந்ததே கணக்கு. மனைவியின் சொந்தச் சம்பாத்தியம், அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நகை ஆகியவற்றை இந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது.

மும்பையில் தடுமாற்றம் வருவது வீட்டில். பாக் எனப்படும் பார்சிக் குடியிருப்புகளில் பல வீடுகள் அறக்கட்டளைகளுக்குச் சொந்தம். குடியிருப்பவர் வாடகைக்கோ உரிம ஒப்பந்தத்துக்கோ அங்கே இருக்கிறார். மூன்று தலைமுறை அந்த வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் வீடு குடும்பத்தின் சொத்து ஆகாது. வாடகை உரிமை யாருக்குத் தொடரும் என்பதை மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு அளவுகோலால் பார்க்கிறது. இறந்தபோது உடன் வசித்த குடும்பத்தினர் யார் என்பது அங்கே முக்கியம். உரிம ஒப்பந்தம் என்றால் அதன் வரிகளைத்தான் படிக்க வேண்டும். வாரிசுப் பங்கு போட்டு "வீட்டில் எனக்கு ஒன்பதில் இரண்டு" என்று வெளியூர் மகன் கேட்பது அங்கே செல்லாது.

அடுத்தது நியமனதாரர். வங்கி வைப்புத்தொகையிலோ பங்குகளிலோ மகன் பெயரை நாமினியாக எழுதியிருந்தால் பணம் அவன் கைக்கு வரும். ஆனால் அவனுக்கே உரியதாக ஆகிவிடாது. எல்லா வாரிசுகளுக்காகவும் அவன் அதை வாங்கி வைத்திருக்கிறான். நிறுவனப் பங்குகள் விஷயத்தில் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஷக்தி யெஸ்தானி வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆயுள் காப்பீட்டுக்கு 2015-க்குப் பின் தனி விதி இருப்பதால் அதை மட்டும் வேறாக வைத்து, வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கழிக்க வேண்டியவை. சட்டம் ஒரு வரிசை தருகிறது. இறுதிச் சடங்கின் நியாயமான செலவும் கடைசி நோய்க்கான மருத்துவச் செலவும் முதலில் வரும். நீதிமன்ற ஆணை பெறும் செலவு அடுத்து. அதன்பின், இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வீட்டு வேலையாட்களுக்குப் பாக்கி நின்ற சம்பளம். மற்றக் கடன்கள் கடைசியில். வங்கிக் கடனுக்கு முன்னால் சமையல்காரரின் சம்பளத்தை வைத்த அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். இவற்றைத் தீர்த்து மிஞ்சுவதைத்தான் பங்கிட வேண்டும்.

2, 2, 1: ஒரு குடும்பத்தின் கணக்கு

சட்டத்தின் 51-ஆம் பிரிவைக் கையடக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: மனைவிக்கு 2 பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 பங்கு, உயிரோடிருக்கும் தாய் அல்லது தந்தை ஒவ்வொருவருக்கும் 1 பங்கு. எல்லாவற்றையும் கூட்டுங்கள். மிஞ்சிய தொகையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். மகன், மகள் வேறுபாடு இல்லை. மணமான மகள், மணமாகாத மகள் வேறுபாடும் இல்லை. மனைவி இறந்து கணவன் இருந்தாலும் கணக்கு இதேதான்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இறந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர், ஆஷிர்வாத் முறையில் மணந்தவர், 2024-இல் உயிலின்றி இறந்தார். மனைவி இருக்கிறார். தொண்ணூறு தாண்டிய தாய் இருக்கிறார். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. இன்னொரு மகள் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டாள். அவளுக்குக் கணவனும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் உண்டு.

சொத்து: புனேயில் சொந்த வீடு 110 லட்சம், வைப்புத்தொகை 52 லட்சம், பங்குகள் 24 லட்சம். ஆக 186 லட்சம். மருத்துவமனை பாக்கி, சடங்குச் செலவு, வேலையாள் சம்பளம் எல்லாம் 6 லட்சம். பங்கிட வேண்டியது 180 லட்சம்.

இறந்த மகளைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. அவளுக்குப் பிள்ளைகள் இருப்பதால் அவள் உயிரோடிருப்பது போலவே 2 பங்கு ஒதுக்க வேண்டும். மனைவி 2, மூன்று பிள்ளைகளுக்கு 6, தாய்க்கு 1. மொத்தம் 9. ஒரு பங்கு 20 லட்சம்.

மனைவிக்கு 40 லட்சம். மகனுக்கு 40, மகளுக்கு 40. இறந்த மகளின் 40 லட்சம் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 20 லட்சமாகப் போகிறது. தாய்க்கு 20 லட்சம். கூட்டிப் பாருங்கள், 180 வரும். விடையைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனாலும் ஒரு கிளையை மறந்துவிட்டு மீதியைத் தலைக்கு ஏற்றபடி பரப்பிய தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

இதே குடும்பம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருந்திருந்தால்? மனைவிக்கு மூன்றில் ஒன்று, அதாவது 60 லட்சம். மீதி 120 லட்சம் மூன்று பிள்ளைக் கிளைகளுக்குத் தலா 40. பிள்ளைகளுக்குத் தற்செயலாக அதே தொகைதான். ஆனால் வயதான தாய்க்கு ஒன்றுமில்லை. பொது விதியில் பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு இடம் கிடையாது. சான்றிதழைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் யாருடைய 20 லட்சம் யாரிடம் போகிறது என்பது இப்போது தெரியும்.

மருமகனுக்கு இல்லை, மருமகளுக்கு உண்டு

மேலே ஒருவரைக் காணவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்: இறந்த மகளின் கணவர். 53-ஆம் பிரிவு இறந்த மகளின் பங்கை அவள் பிள்ளைகளுக்கு மட்டும் சமமாகப் பிரிக்கிறது. கணவருக்கு ஒரு பைசா இல்லை. ஆனால் இறந்தது மகனாக இருந்தால் அவன் பங்கு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். 1991-இல் மகனையும் மகளையும் சமமாக்கியவர்கள் இந்த ஒரு இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. ஆனால் விதி இதுதான்.

பிள்ளை இல்லாத விதவை மருமகளின் நிலை இன்னும் நுணுக்கமானது. மேற்சொன்ன குடும்பத்தில் முன்பே இறந்தது மகள் இல்லை, ஒரு மகன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி மட்டும் இருக்கிறாள். அவனுக்கு 2 பங்கு, 40 லட்சம் ஒதுக்குகிறோம். பலர் அந்த 40 லட்சத்தையும் மருமகளுக்கு எழுதிவிடுகிறார்கள், அல்லது "பிள்ளை இல்லையே" என்று அவளை அடியோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

அந்த மகன் தகப்பனுக்கு மறுகணமே இறந்ததாகச் சட்டம் பாவிக்கிறது. பிள்ளையில்லாத பார்சியின் மனைவிக்கு அவன் சொத்தில் பாதி. எனவே மருமகளுக்கு 20 லட்சம். மிச்சமுள்ள 20 லட்சம் அவனுடைய வேறு உறவினர்களுக்குப் போகாமல் தகப்பன் சொத்துக்கே திரும்புகிறது. அதை மறுபடி பங்கிட வேண்டும்; இம்முறை அந்த மகன் இல்லாதது போல. மனைவி 2, மகன் 2, மகள் 2, தாய் 1 என மொத்தம் 7. இருபது லட்சத்தை ஏழால் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 2,85,714 ரூபாய்.

முடிவில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் தலா 45,71,429 ரூபாய் (40 லட்சத்தோடு 5,71,429). தாய்க்கு 22,85,714 ரூபாய். மருமகளுக்கு 20 லட்சம். ஒரு ரூபாய் முன்பின் போவது வகுத்தலின் சில்லறை.

மருமகள் மறுமணம் செய்துகொண்டிருந்தால் தேதி முக்கியம். மாமனார் இறப்பதற்கு முன்பே மறுமணம் நடந்திருந்தால் அவளுக்குப் பங்கில்லை. அவள் இல்லாததாகவே சட்டம் கருதும். அப்போது இறந்த மகனையும் கணக்கில் எடுக்க வேண்டாம். 180 லட்சத்தை நேரே 7 பங்காகப் பிரிக்கலாம். மாமனார் இறந்த பிறகு மறுமணம் செய்தால் ஏற்கெனவே விழுந்த பங்கை யாரும் பறிக்க முடியாது. இறந்தவரின் சொந்த மனைவிக்கும் அப்படித்தான். "அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதிய ஒரு குடும்ப ஒப்பந்த வரைவைப் பார்த்தேன். அப்படி ஒரு நிபந்தனையைச் சட்டம் வைக்கவில்லை.

பிள்ளை என்றால் யார்?

கருவில் இருந்து பின்னர் உயிரோடு பிறந்த குழந்தைக்கு முழுப் பங்கு உண்டு. மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. தத்து விஷயத்தில் ஒரு பழைய பெயர் குழப்பம் தரும். பிள்ளையில்லாத பார்சி இறந்த நான்காம் நாளில், சடங்குகளைச் செய்வதற்காக அவர் விதவை ஒரு பையனைப் பாலக் புத்திரனாக ஏற்கும் வழக்கம் உண்டு. அது சடங்குக்கான உறவு மட்டுமே, சொத்துரிமை தராது. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் முறைப்படி தத்தெடுத்த குழந்தை வேறு. அந்தச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தது, அந்தக் குழந்தை சட்டப்படி முழுப் பிள்ளை. வெறுமனே பாதுகாவலராக நீதிமன்றத்தில் பதிந்து வளர்த்த குழந்தைக்கு வாரிசுரிமை வராது. அந்தக் குழந்தைக்காக உயில் எழுதியிருக்க வேண்டும்.

பிள்ளைகளே இல்லாமல் மனைவி மட்டும் இருந்தால் எல்லாம் அவருக்கே என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பாதிதான். மீதி, பெற்றோர் தொடங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உறவினர் வரிசைப்படி போகும்.

எந்த நீதிமன்றக் காகிதம் வேண்டும்?

உயிலின்றி இறந்த பார்சியின் வாரிசுகள் தங்கள் உரிமையை நிலைநாட்ட லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் எனப்படும் நிர்வாக ஆணையைக் கட்டாயம் பெற வேண்டும் என்பதில்லை. 212-ஆம் பிரிவு பார்சிகளுக்கு விலக்கு தந்திருக்கிறது. ஆனால் பெரிய தொகை என்றால் வங்கியும் நிறுவனமும் ஏதாவது ஒரு நீதிமன்றக் காகிதத்தைக் கேட்கும்.

வைப்புத்தொகையும் பங்குகளும் மட்டும் என்றால் வாரிசுரிமைச் சான்றிதழ் போதும். அது கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் மட்டுமே செல்லும். வீட்டை அது தொடாது. வீடும் இருக்கிறது, வாரிசுகள் பல கிளைகளில் இருக்கிறார்கள், ஒருவர் வெளிநாட்டில் என்றால் நிர்வாக ஆணைக்கே போய்விடுவது நல்லது என்பது என் எண்ணம். ஒரே காகிதம் எல்லாவற்றுக்கும் பயன்படும். இறந்து 14 நாட்கள் முழுதாகக் கழியாமல் அதைத் தரமாட்டார்கள். மனைவி இருந்தால் முதல் உரிமை அவருக்கு. வயது காரணமாக அவரால் அலைய முடியாது என்றால் பிள்ளைகளில் ஒருவரை அவரோடு சேர்த்து நியமிக்கவும் நீதிமன்றத்தால் முடியும். மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆணையோடு ஏற்ற பொறுப்பு அது. பின்னால் மனத்தாங்கல் வரும்போது எதிர்த்தரப்பு முதலில் சுட்டுவது இதைத்தான்.

சென்னை ராயபுரத்தில் 1910 முதல் அக்கினிக் கோயில் வைத்திருக்கும் சிறிய பார்சிச் சமூகத்துக்கும் விதி இதேதான். போகும் நீதிமன்றம் மட்டும் வேறு.

கணக்கை வீட்டில் இறக்குவது

பங்கு தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டை ஒன்பதாக அறுக்க முடியாது. நம் பொறியாளர் குடும்பத்துக்கு, பேரப்பிள்ளைகள் இருக்கும் முதல் கணக்கிலேயே, திரும்புவோம். அங்கே மிகக் கூர்மையான முள், சிறுவர்களான அந்த இரண்டு பேரப்பிள்ளைகள். பெரியவர்கள் விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதித் தங்கள் பங்கை விட்டுத்தரலாம். சிறுவர்களின் பங்கை அவர்கள் தகப்பன் அப்படி விட்டுத்தர முனைந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாதவரை அந்த வீட்டை வாங்க யாரும் துணிய மாட்டார்கள். பதினெட்டு வயதானதும் பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்கலாம். தனக்கென்று ஒன்றும் பெறாத அந்த மருமகன்தான் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட வேண்டியவர் என்பதை மற்றவர்கள் நினைவில் வைத்து நடந்துகொள்வது நல்லது.

எனவே சிறுவர்களை வீட்டுக்குள் இழுக்காதபடி பிரிக்கலாம். வைப்புத்தொகை 52 லட்சத்தில் கடன் 6 போக 46 மிச்சம். அதில் 40 லட்சத்தைப் பேரப்பிள்ளைகள் பெயரில் தலா 20 லட்சமாக வைப்பில் போட்டுவிடுங்கள். மீதி 6 லட்சம். பங்குகள் 24 லட்சத்தில் 20 லட்சத்தைத் தாய்க்கு மாற்றினால் அவர் கணக்கும் முடிந்தது; மீதி 4 லட்சம். இந்த 6-ம் 4-ம் சேர்ந்த 10 லட்சத்தை மனைவிக்குக் கொடுங்கள். அவருக்கு இன்னும் வர வேண்டியது 30 லட்சம். மகனுக்கும் மகளுக்கும் தலா 40 லட்சம். மொத்தம் 110 லட்சம். வீட்டின் மதிப்பு அதுதான். வீட்டில் மனைவிக்குப் பதினொன்றில் 3, மகனுக்கும் மகளுக்கும் பதினொன்றில் 4 வீதம் என்று எழுதி, மூவரும் வளர்ந்தவர்களாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அம்மாவே அந்த வீட்டில் கடைசிவரை இருக்க வேண்டும் என்று மகனும் மகளும் விரும்பினால் இரண்டு வழி உண்டு. பங்கை முழுதாக அவருக்கு விட்டுத்தருவது ஒன்று. அதற்கான பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டிப் பதிவு செய்ய வேண்டும். வாய்வார்த்தையும் வெள்ளைத்தாளும் போதாது. ஆனால் அப்படி விட்டுத்தந்தபின் வீடு முழுவதும் அம்மாவுடையது. நாளை அவர் காலத்துக்குப் பின் அது அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் பிரியும். இறந்த மகளின் பிள்ளைகளும் அதில் மூன்றில் ஒன்றுக்கு வருவார்கள். தங்கள் பங்கு தங்கள் கிளையிலேயே நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும்: பதினொன்றில் நான்கைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அம்மா உயிரோடிருக்கும்வரை அவர் மட்டும் குடியிருக்கவும் யாரும் விற்கக் கோராதிருக்கவும் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வது. அம்மாவிடம் அன்றைக்கே ஓர் உயிலும் எழுதி வாங்கிவிட்டால், அடுத்த முறை யாரும் தாள் மடித்துக்கொண்டு வர வேண்டியிருக்காது.